பதியாத முதல் தாலியும் பதிந்த இரண்டாம் கல்யாணமும்

"ஐயா, எனக்குச் சம்பூர். இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்தபோது, 2009இல், பக்கத்துக் கோயிலில் தாலி கட்டி என் கல்யாணம் நடந்தது. பதியவில்லை. இரண்டு பிள்ளைகள். மேசன் வேலைக்கு என்று 2018இல் வவுனியாவுக்குப் போன கணவர், 2020இல் அங்கே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார். அவர்களுக்கு ஒரு மகள். அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றித் தெரியாதாம். கேட்டால், 'உன்னுடையது பதியாத கல்யாணம், ஏழு வருடம் பிரிந்தும் இருந்தாயிற்று, இனி அவள்தான் சட்டப்படி மனைவி' என்கிறார். யாருடைய கல்யாணம் செல்லும்? பிள்ளைகளின் நிலை என்ன?"

தங்கச்சி, நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால், அதை நிரூபிக்கவும் முடிந்தால், செல்லும் கல்யாணம் உங்களுடையது. வவுனியாவில் பதிந்தது தொடக்கத்திலிருந்தே செல்லாதது. முழுப் பாரமும் அந்த "நிரூபிக்க முடிந்தால்" என்ற சொல்லில்தான் கிடக்கிறது. அதனால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நிரூபிக்கும் வழியைக் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்ற பேச்சைத் திருகோணமலை நீதிமன்ற வாசலில் எத்தனையோ ஆண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வழக்கமாக இரண்டாவது வீடு கட்டிய பிறகுதான் அவர்களுக்கு இந்தச் சட்ட ஞானம் பிறக்கும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிவேட்டில் உள்ள பதிவு திருமணத்துக்குச் சிறந்த சான்று என்றுதான் அது சொல்கிறது. சிறந்த சான்று வேறு, ஒரே சான்று வேறு. சமூகத்தின் வழக்கப்படி தாலி கட்டி, கூறை கொடுத்து நடந்த இந்துத் திருமணத்தை, பதிவு இல்லாவிட்டாலும் செல்லுபடியான திருமணமாக நம் நீதிமன்றங்கள் ஏற்றே வந்திருக்கின்றன. அதே கட்டளைச் சட்டத்தில் "விவாகம்" என்பதற்குத் தரப்பட்ட பொருள் விளக்கம், கண்டிய விவாகங்களையும் முஸ்லிம்களின் விவாகங்களையும் மட்டுமே விலக்குகிறது. கோயில் கல்யாணத்தை அது விலக்கவில்லை.

இதோடு 18ஆம் பிரிவைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு முன்னர் ஒரு திருமணம் நடந்திருந்து, அது சட்டப்படி கலைக்கப்படாமலோ செல்லாதது என்று தீர்ப்பாகாமலோ இருந்தால், பின்னர் நடக்கும் திருமணம் செல்லாது. எத்தனை பேர் கையெழுத்திட்டாலும், எந்தப் பதிவாளர் முத்திரை குத்தினாலும் செல்லாது. பதிவாளர் தன் முன்னால் சொல்லப்பட்டதை எழுதுகிறார், அவ்வளவுதான். உங்கள் கணவர் "விவாகமாகாதவர்" என்று சொல்லியிருப்பார், அவரும் அப்படியே எழுதியிருப்பார். அந்தப் பொய்யைச் சட்டம் உண்மையாக்கித் தராது.

ஏழு வருடக் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவு, கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது செல்லாத மறுமணம் செய்வதைக் குற்றமாக்கி, ஏழு ஆண்டு வரை சிறை வைக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் துணை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் விலகியிருந்து, உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலே கிடைக்காமல் போயிருக்க வேண்டும்; அந்த நிலைமையைப் புதிதாக மணப்பவரிடம் முன்பே சொல்லியும் இருக்க வேண்டும். போர் தின்ற நம் மாவட்டத்தில் இந்த விதிவிலக்கு உண்மையிலேயே பொருந்தும் வீடுகள் உண்டு. உங்கள் வீடு அதில் சேராது. அவர் போனது 2018இல், மணந்தது 2020இல். நீங்கள் உயிரோடு சம்பூரில் இருக்கிறீர்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வெறுமனே பிரிந்து வாழ்வது வேறு, தகவலற்றுப் போவது வேறு. அந்த விதிவிலக்குப் பொருந்தினாலும், அது ஆளைச் சிறையிலிருந்து காக்குமே தவிர, முதல் துணை உயிரோடு திரும்பி வந்தால் இரண்டாம் திருமணத்தைச் செல்லுபடியாக்காது.

இனி நிரூபணத்துக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டின் உயரமும் ஒன்றல்ல.

சிவில் வழக்கில், அதாவது தாபரிப்பு, ஆதனம் போன்றவற்றில், நிகழ்தகவு உங்கள் பக்கம் சாய்ந்தால் போதும். ஓர் ஆணும் பெண்ணும் நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் உறவும் அவர்களை அப்படியே ஏற்றிருந்தால், அவர்கள் மணமானவர்கள் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இது நம் சட்டத்தில் பழைய, உறுதியான ஊகம். ஆனால் உங்கள் வழக்கில் இந்த ஊகத்துக்கு எதிராக ஒரு பதிவுச் சான்றிதழ் நிற்கும். அதனால் ஊகத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சடங்கு நடந்ததையே நேரடியாக நிரூபிக்கப் பாருங்கள்.

குற்றவியல் வழக்கில் கதவு உயரமானது. இருதாரமணக் குற்றத்துக்கு முதல் திருமணம் உண்மையில் நடந்தது என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். "ஊர் எங்களைப் புருசன் பெண்சாதி என்றுதான் சொன்னது" என்ற சாட்சியம் அங்கே போதாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 50ஆம் பிரிவே இந்த வகை வழக்குகளில் அத்தகைய அபிப்பிராயச் சாட்சியத்தால் மட்டும் திருமணத்தை நிரூபிக்க இடம் தரவில்லை. தாலி கட்டியதைக் கண்ணால் கண்டவர் கூண்டில் ஏற வேண்டும். யார் கட்டியது, எந்தக் கோயில், யார் நடத்தி வைத்தது, கூறை யார் எடுத்தது, என்ன சடங்குகள் நடந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முகாமில் அவசரமாக நடந்த கல்யாணத்தில் ஓமம் வளர்க்கவில்லை, நாதஸ்வரம் இல்லை என்று எதிர்த் தரப்புச் சட்டத்தரணி நீட்டுவார். அதற்குப் பயப்பட வேண்டாம். எந்தச் சடங்கு இன்றியமையாதது என்பது அந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. உங்கள் ஊரில் தாலியும் கூறையும்தான் கல்யாணம் என்றால், அதைச் சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவர் தேவை.

இப்படிப்பட்ட ஒரு வழக்கு என் கையில் இருந்தது. அந்தப் பெண் என்னிடம் வந்தபோது தாலியைத் தவிர வேறொன்றும் கொண்டுவரவில்லை. படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. நான் கேட்டது, உங்கள் வீட்டில் கடைசியாக யார் இறந்தார் என்று. தகப்பனார் என்றாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தீர்களா? அடித்தோம். அந்த மலரின் பின்பக்கத்தில், "அன்னாரின் மருமகன்" என்று கணவனின் பெயர் அச்சாகியிருந்தது. கொள்ளி வைத்த மச்சான்மாரோடு அவனும் நிற்கும் படமும் இருந்தது. உயிரோடு இருப்பவர்கள் வழக்குக்காக எழுதிய கடிதம் என்று அதை யாரும் சொல்ல முடியாது. நம் ஆட்களுக்குச் சான்றிதழ் எடுக்கும் பழக்கம் குறைவு. ஆனால் சாவு வீட்டில் உறவு முறை எழுதுவதில் ஓர் எழுத்துக் கூடத் தவறமாட்டோம்.

உங்களுக்கு இன்னும் வலுவானவை கிடைக்கக்கூடும். முகாமில் தந்த குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் யார், மனைவி யார் என்று எழுதியிருக்கும். மீள்குடியேறியபோது பிரதேச செயலகத்தில் நிரப்பிய படிவம், வீட்டுத்திட்டக் கோவை, கிராம உத்தியோகத்தரிடம் உள்ள வாக்காளர் இடாப்பு, சமுர்த்திக் கோவை எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தோடு உங்களை மனைவி என்று குறிப்பிட்ட இடங்கள் இருக்கும். அவரே எழுதியது என்பதுதான் இவற்றின் பெறுமதி. பிற்பாடு கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வாங்கும் "இவர் இன்னாரின் மனைவி" என்ற கடிதத்துக்கு அந்தப் பெறுமதி கிடையாது.

பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பிறந்த காலத்துப் பத்திரங்களில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருந்தது. விவாகச் சான்றிதழ் காட்ட முடியாத தாய்மாருக்கு அங்கே "இல்லை" என்று எழுதப்பட்டது நம் பக்கத்தில் சாதாரணம். உங்கள் பத்திரங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். "இல்லை" என்று இருந்தால், கணவரின் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டப்போவது அதைத்தான். அது உங்களுக்கு எதிரான சான்று. ஆனாலும் இறுதியான சான்று அல்ல. ஏன் அப்படி எழுதப்பட்டது என்று நீங்கள் விளக்கலாம், நீதிமன்றம் உங்கள் திருமணத்தை ஏற்றுவிட்டால் பதிவைத் திருத்தவும் வழி உண்டு. தகப்பன் பெயர் அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மணமாகாத பெற்றோரின் பிள்ளை என்று பதியும்போது, இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட்டால் அல்லது நீதிமன்றம் கட்டளையிட்டால் மட்டுமே தகப்பன் பெயரை எழுதலாம். ஆகவே "இல்லை" என்ற பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால், பிள்ளை தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ஒரு கூடு கெடுப்பதை இன்னொரு கூடு காக்கும்.

இனி பிள்ளைகளின் நிலை. மூன்று பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அந்த வவுனியாப் பிள்ளையும் பிழை செய்யவில்லை.

சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கல்யாணத்தின் செல்லுபடி தடையே இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை என்று பாராமல் பெற்றோர் பராமரிக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது வரை பிள்ளையாகவும், தன்னைத் தானே பராமரிக்க முடியாவிட்டால் 18க்கும் 25க்கும் இடையில் வளர்ந்த பிள்ளையாகவும் கேட்கலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால் தகப்பன் யார் என்பதை வலுவான சான்றோடு நீதவானுக்குத் திருப்தியாகக் காட்ட வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். நீங்கள் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். வவுனியாவுக்கு அலையத் தேவையில்லை. மனைவி என்ற வகையில் உங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது பெண்ணால் தன் மகளுக்குக் கேட்க முடியும், மனைவி என்று தனக்குக் கேட்க முடியாது.

தாபரிப்பு வழக்கையே முதல் வழக்காகப் போடச் சொல்லுவேன். பணம் வருவது ஒரு காரணம். இன்னொன்று, "இவள் என் மனைவி அல்ல" என்று அவர் மறுத்தால், உங்கள் திருமணம் அங்கேயே விசாரணைக்கு வரும். சாட்சிகள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே அவர்கள் சொல்வது நீதிமன்றப் பதிவில் ஏறிவிடும்.

ஆதனத்தில்தான் பிள்ளைகளுக்கிடையே கோடு விழுகிறது. உதாரணத்துக்கு, அவர் பெயரில் சம்பூரில் ஓர் ஏக்கர் உறுதிக் காணி இருக்கிறது என்று வைப்போம். ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ். அவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டப்படி, உயிரோடுள்ள மனைவிக்குப் பாதி. அது நீங்கள்: 80 பேர்ச்சஸ். மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. வவுனியாப் பிள்ளை சட்டபூர்வமற்ற பிள்ளை என்று கொண்டால், அவள் தாயின் சொத்துக்கு உரித்தாவாள், தகப்பனின் சொத்துக்கு ஆகமாட்டாள். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தலா 40 பேர்ச்சஸ் வரும்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. நம் பொதுச் சட்டத்தின் அடியில் ஓடும் ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒரு கோட்பாடு உண்டு. முறைப்படி ஒரு திருமணச் சடங்கு நடந்து, இருவரில் ஒருவராவது தடை இருப்பதை அறியாமல் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால், அந்தத் திருமணம் செல்லாவிட்டாலும் அதில் பிறந்த பிள்ளைகள் சட்டபூர்வமான பிள்ளைகளே. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பெண் ஏமாற்றப்பட்டவள். அதை அவள் நிரூபித்தால் அவள் மகளும் பங்குக்கு வருவாள். அப்போது பிள்ளைகளின் 80 பேர்ச்சஸ் மூன்றாகப் பிரிந்து, ஒருவருக்கு 26 பேர்ச்சசும் சொச்சமும் என்றாகும். உங்கள் பாதி அசையாது. அந்தப் பெண்ணுக்கு மனைவிப் பங்கு எதுவும் கிடையாது. உங்களைப் பற்றித் தெரிந்த பிறகும் அவள் அவரோடு வாழ்ந்து இன்னொரு பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்கு இந்த நிழல் கிடைப்பது கடினம். நல்லெண்ணம் என்பது அறியாமை இருக்கும் வரைதான்.

இதைக் கேட்டு உங்கள் மனம் சுருங்கலாம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தப் பெண்ணை எதிரியாக்காதீர்கள். 362இ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முந்திய திருமணத்தை மறைத்து மணந்தால் தண்டனை பத்து ஆண்டு வரை. அந்த மறைப்புக்கு முதல் சாட்சி அவள்தான். உங்களுக்கு வேண்டிய விவாகச் சான்றிதழின் பிரதியும் அவள் கையில் இருக்கும். அவள் தராவிட்டால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுங்கள். அதில் மணமகனின் நிலை "விவாகமாகாதவர்" என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லே பாதி வழக்கு. அவள் தன் பங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் திருமணம் செல்லாதது என்ற பிரகடனம் கேட்கலாம். செல்லாத திருமணம் தானாகவே செல்லாததுதான், ஆனாலும் பதிவேட்டில் கிடக்கும் பதிவை அசைக்க ஒரு தீர்ப்பு வேண்டும்.

காணி பற்றி இரண்டு எச்சரிக்கை. நான் சொன்ன பங்குக் கணக்கு உறுதிக் காணிக்கு, அதுவும் அவர் மரணசாசனம் எழுதாதபோது மட்டும். நம் நாட்டில் ஒருவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி முடித்தும் கொடுக்கலாம். மனைவி பிள்ளைக்கு இவ்வளவாவது விட வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. உங்கள் கல்யாணம் எவ்வளவு செல்லுபடியாக இருந்தாலும் அந்த ஓட்டையை அது அடைக்காது. இரண்டாவது, அது அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணி என்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் தனி வழி ஓடும். அங்கே உயிரோடுள்ள மணத்துணைக்கு முதலில் அனுபவிக்கும் உரிமை, பின்னுரித்தாளராகப் பெயரிடப்பட்டவர் அதற்குப் பிறகே. அவர் பூர்வீகம் யாழ்ப்பாணம் என்றால் தேசவழமையும் குறுக்கே வரும். அப்படி இருந்தால் சட்டத்தரணியிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அவர் பக்கத்திலிருந்து அடுத்து வரக்கூடியவை என்பதால். ஒன்று மதம் மாறுவது. மூன்று சமூகமும் கலந்து வாழும் நம் மாவட்டத்தில் இந்த யோசனையைக் கொடுக்க ஆள் இருக்கும். ரீட் என்பவரின் வழக்கில் 1965இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவிக் கவுன்சில், இஸ்லாத்துக்கு மாறி மறுமணம் செய்தவர் இருதாரமணக் குற்றவாளி அல்ல என்று தீர்த்தது உண்மை. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வந்த அபேசுந்தர வழக்கில் உயர் நீதிமன்றம் அதைக் கவிழ்த்துவிட்டது. பொதுச் சட்டப்படி மணந்தவர், அந்த மணம் நிலைத்திருக்க மதம் மாறி மணந்தாலும் இரண்டாவது செல்லாது, குற்றமும் ஆகும். முஸ்லிமாகப் பிறந்து முஸ்லிம் சட்டப்படி மணந்தவர்களின் நிலை வேறு. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

மற்றது, "சரி, இப்போது விவாகரத்துத் தந்துவிடு, எல்லாம் நேராகிவிடும்" என்று சமாதானம் பேச வருவார்கள். விவாகரத்துப் பெறுவதா என்பது உங்கள் விருப்பம். அவர் இன்னொருத்தியோடு வாழ்வதே அதற்குப் போதுமான காரணம். ஆனால் இன்று வரும் விவாகரத்து 2020இல் நடந்த திருமணத்துக்குப் பின்னோக்கி உயிர் கொடுக்காது. அவர்கள் மீண்டும் மணந்தால்தான் உண்டு. அதற்கும், முதல் தீர்ப்பு வந்து குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முடிவான தீர்ப்பாக மாற்றப்படும் வரை பொறுக்க வேண்டும். இடைப்பட்ட அந்த மூன்று மாதத்துக்குள் அவசரப்பட்டு மணந்து, இரண்டாம் முறையும் செல்லாத கல்யாணம் செய்துகொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் விவாகரத்துக்கு இணங்கினால் மனைவி என்ற மரபுரிமைப் பங்கும் அன்றோடு போய்விடும். ஆகவே தாபரிப்பையும் காணியையும் எழுத்தில் முடிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்த ஐயர் இப்போது எங்கே இருக்கிறார், எத்தனை வயது என்று விசாரியுங்கள். அன்று எழுபது என்றால் இன்று அவருக்கு எண்பத்தைந்து தாண்டியிருக்கும். அவரையும், தாலி கட்டும்போது பக்கத்தில் நின்ற இருவரையும் தேடிப் பிடித்து, அவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். சட்டத்தரணி உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.